பி.பி. கருவிக்கும் தெர்மாமீட்டருக்கும் விற்பனைப் பக்கம் எழுதுவது: எந்த எண் எதைச் சொல்கிறது?

இணையக் கடையில் பி.பி. கருவிக்கான பக்கத்தை முதன்முதலாக எழுத உட்காருபவரிடம் தயாரிப்பாளர் கொடுத்த ஒரு தாள் இருக்கும். அதில் ஏழெட்டு எண்கள் இருக்கும். அவற்றை அப்படியே பக்கத்தில் அடுக்கி, மேலே ‘100% துல்லியம்’ என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். பெரும்பாலான தவறான பக்கங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. எண்கள் சரியாகவே இருக்கின்றன. ஆனால் ஓர் எண் எதை அளந்து வந்தது என்பது பக்கத்துக்கு வந்து சேரும்போது தொலைந்துவிடுகிறது.

ஒரு கற்பனைக் கருவியின் தாளை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். தாளில் உள்ளவை இவை:

- மேல்கையில் கட்டும் தானியங்கி பி.பி. கருவி
- கஃப்: மீடியம், 22–32 செ.மீ.; துணியின் அளவு 48 × 14 செ.மீ.
- அழுத்த வரம்பு: 0–299 மி.மீ. பாதரசம்
- அளவீட்டு வரம்பு: மேல் அளவு 60–230, கீழ் அளவு 40–130
- துல்லியம்: ±3 மி.மீ. பாதரசம், நாடித்துடிப்பு ±5%
- ஒழுங்கற்ற துடிப்பைக் காட்டும் குறியீடு
- சரிபார்ப்பு: ISO 81060-2:2018, பெரியவர்கள்
- தனியாக வாங்கக்கூடிய பெரிய கஃப்: 32–42 செ.மீ.

புதியவர் இதிலிருந்து பெரும்பாலும் இப்படி ஒரு தலைப்பை எழுதுவார்: ‘டாக்டர்கள் பரிந்துரைக்கும் பி.பி. மெஷின், ±3 துல்லியம், 0–299 வரம்பு, எல்லா வயதினருக்கும் எல்லாக் கைகளுக்கும் ஏற்றது.’ இந்த ஒரே வரியில் ஐந்து கூற்றுகள் உள்ளன. தாள் அவற்றில் ஒன்றையும் அப்படிச் சொல்லவில்லை.

முதல் படி: கஃப் அளவை முன்னால் கொண்டுவாருங்கள்

தலைப்பில் ஓர் எண்ணுக்குத்தான் இடம் உண்டு என்றால் அது 22–32 செ.மீ.யாக இருக்கட்டும். இது கஃப் பொருந்தக்கூடிய மேல்கையின் சுற்றளவு. நினைவகத்தில் எத்தனை அளவீடுகள் நிற்கும், திரை எவ்வளவு பெரியது என்பவையெல்லாம் இதற்குப் பிறகுதான். கை பொருந்தாவிட்டால் மற்ற எதுவும் வாங்குபவருக்குப் பயன்படாது.

கஃபுக்குள் காற்று நிரம்பும் பை கையைப் போதுமான அளவு சுற்றி வர வேண்டும். பழைய விதிப்படி அந்தப் பையின் நீளம் கைச் சுற்றளவில் ஏறத்தாழ 80 விழுக்காடும், அகலம் ஏறத்தாழ 40 விழுக்காடும் இருக்க வேண்டும். தடித்த கையில் சிறிய கஃபைக் கட்டினால் இரத்த நாளத்தை அமுக்க அதிகக் காற்றழுத்தம் தேவைப்படும். கருவி அதையே இரத்த அழுத்தம் என்று காட்டிவிடும். மெலிந்த கையில் பெரிய கஃபைக் கட்டினால் இதற்கு நேர்மாறாக, அளவு குறைந்து தெரியும். இந்தப் பிழை எவ்வளவு பெரிது என்பதை 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெரிய கஃப் தேவைப்படுபவர்களுக்கு வழக்கமான கஃபைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 4.8 மி.மீ. கூடுதலாக வந்தது. மிகப் பெரிய கஃப் தேவைப்படுபவர்களுக்கோ 19.5 மி.மீ. கூடுதலாக வந்தது. இரத்தக் கொதிப்பே இல்லாத ஒருவரை நோயாளி என்று காட்ட அது போதும்.

ஆகவே ‘மீடியம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. ஒரு தயாரிப்பாளரின் மீடியமும் இன்னொருவரின் மீடியமும் ஒன்றல்ல. ‘ஃப்ரீ சைஸ்’, ‘எல்லாக் கைகளுக்கும்’ ஆகிய சொற்களுக்கும் இந்தப் பக்கத்தில் வேலையில்லை. தாளில் உள்ள 48 × 14 செ.மீ. என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். அது வெளித்துணியின் நீள அகலம். அதைப் பார்க்கும் ஒருவர் ‘என் கை 40 செ.மீ. தான், 48-க்குள் அடங்கிவிடும்’ என்று கணக்குப் போட்டு வாங்கிவிடுவார். துணி கையைச் சுற்றி வந்து ஒட்டவும் செய்யும். உள்ளே இருக்கும் பைதான் போதாது. துணியின் அளவைப் பக்கத்தில் போடாமல் விடுவதே நல்லது.

அளக்கும் முறையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்: ‘சட்டைக் கையை விலக்கி, கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை எலும்பின் நுனிக்கும் நடுவில் தையல் டேப்பை இறுக்காமல் சுற்றி அளவிடுங்கள். 22 முதல் 32 செ.மீ. வரை இருந்தால் பெட்டியில் உள்ள கஃப் பொருந்தும். அதற்கு மேல் இருந்தால் 32–42 செ.மீ. கஃபைத் தனியாக வாங்க வேண்டும்.’ பெரிய கஃப் பெட்டிக்குள் இல்லை என்பதை இங்கேயே சொல்ல வேண்டும். படத்தில் இரண்டு கஃபையும் காட்டிவிட்டு, ஒன்றை மட்டும் அனுப்புவது தீராத சண்டைக்கு வழி.

இரண்டாம் படி: வரம்புகளையும் ±3-ஐயும் பிரித்து எழுதுங்கள்

தாளில் ‘வரம்பு’ என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. 0–299 என்பது கஃபுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைக் கருவி உணரக்கூடிய எல்லை. கருவி இரத்த அழுத்தமாகக் கணக்கிட்டுக் காட்டும் எல்லை அதைவிடச் சுருங்கியது: மேல் அளவுக்கு 60–230, கீழ் அளவுக்கு 40–130. வாங்குபவருக்குப் பயன்படுவது இரண்டாவதுதான். 0–299 பெரிதாகத் தெரிவதால் அதைப் போடும் ஆசை வரும். யாருடைய இரத்த அழுத்தத்தையும் இந்தக் கருவி 299 என்று காட்டப்போவதில்லை. 230-க்கு மேல் போனால் அது பிழைக் குறியீட்டைத்தான் காட்டும்.

±3 மி.மீ. அதைவிடப் பெரிய பொறி. இந்த எண் எல்லாப் பி.பி. கருவிகளின் தாளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. இது அழுத்த உணரியின் துல்லியம். கருவியை ஓர் ஒப்பீட்டு அழுத்தமானியுடன் குழாயால் இணைத்து, காற்றை ஒரே அழுத்தத்தில் நிறுத்தி, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் மனிதக் கைக்கு வேலையே இல்லை. கையில் கட்டிய பிறகு கருவி செய்வது வேறு வேலை. காற்று இறங்கும்போது கஃபில் தோன்றும் சிறு அதிர்வுகளைப் படித்து, அவற்றிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிட்டு ஊகிக்கிறது. ஊகத்தின் தரம் கணக்கீட்டைப் பொறுத்தது. உணரி மிகச் சரியாக இருந்தும் கணக்கீடு மோசமாக இருக்கலாம்.

ஆகவே ‘உங்கள் இரத்த அழுத்தத்தை ±3 துல்லியத்துடன் காட்டும்’ என்பது பொய். ‘கஃப் அழுத்த உணரியின் துல்லியம் ±3 மி.மீ. பாதரசம்’ என்பது உண்மை. இந்த வரி விவரப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருந்தால் போதும். தலைப்பில் ஏற வேண்டியதில்லை.

மூன்றாம் படி: ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல்லை அளந்து எழுதுங்கள்

கருவி மனிதக் கையில் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்வது மருத்துவச் சரிபார்ப்புச் சோதனைதான். இதற்கான சர்வதேசத் தரநிலையான ISO 81060-2 முறையில் குறைந்தது 85 பேரிடம் சோதிக்க வேண்டும். பயிற்சி பெற்ற இரண்டு பேர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுக் குறித்த அளவுடன் கருவியின் அளவை ஒப்பிடுவார்கள். வேறுபாட்டின் சராசரி 5 மி.மீ.க்குள்ளும், சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 8 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நபருக்குமான வேறுபாட்டையும் தனியாகப் பார்ப்பார்கள். இந்த 5-ஐயும் 8-ஐயும் மேலே பார்த்த ±3-உடன் வைத்துப் பாருங்கள். தேறிய கருவியிலும் ஒரு தனி அளவீடு சில புள்ளிகள் தள்ளி வரலாம் என்பது புரியும்.

சோதனை முடிவு மூன்று விஷயங்களோடு ஒட்டிக்கொண்டது: எந்த மாதிரி, எந்தக் கஃப், எந்த மக்கள். இந்த மூன்றும் இல்லாத ‘மருத்துவ ரீதியாகச் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரியைப் படிப்பவர், எல்லோருக்கும் எல்லா நிலைக்கும் என்று எடுத்துக்கொள்வார். நம் தாளில் ‘பெரியவர்கள்’ என்று இருக்கிறது. எந்தக் கஃப் என்று இல்லை. எழுதுவதற்கு முன் தயாரிப்பாளரிடம் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கையில் உள்ள மாதிரி எண் பெட்டியில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடைசியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது வேறு கருவியாக இருக்கலாம். ‘அதே தொழில்நுட்பம்தான், வெளி உறைதான் வேறு’ என்று பதில் வந்தால், இரண்டு கருவிகளும் அளவிடுவதில் சமமானவை என்ற அறிவிப்பாக அதை அவர்கள் எழுத்தில் தர வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி எழுதக் கூடாது.

அறிக்கை இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. சரிபார்க்கப்பட்ட கருவிகளின் பட்டியலை stridebp.org, validatebp.org ஆகிய தளங்கள் வெளியிடுகின்றன. மாதிரி எண்ணைத் தேடிப் பாருங்கள். அங்கே இல்லாததாலேயே கருவி மோசமானது என்று ஆகிவிடாது. அங்கே இல்லை, அறிக்கையும் வரவில்லை என்றால் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டியதுதான்.

நம் கற்பனை அறிக்கை வந்துசேர்ந்தது, அதில் 22–32 செ.மீ. கஃப் மட்டுமே சோதிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத வேண்டிய வரி இது: ‘இந்த மாதிரி, பெட்டியில் உள்ள 22–32 செ.மீ. கஃபுடன், ISO 81060-2:2018 முறைப்படி பெரியவர்களிடம் சரிபார்க்கப்பட்டது.’ பெரிய கஃபின் பக்கத்தில் இந்த வரியை ஒட்டக் கூடாது.

கர்ப்பிணிகளுக்குத் தனிச் சோதனை வேண்டும். கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஆபத்தாக உயரும் முன்சூல்வலிப்பு என்ற நிலையில் பல தானியங்கிக் கருவிகள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகின்றன. ஆபத்து இருக்கும்போது இல்லை என்று சொல்லிவிடும் பிழை அது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கும் இப்படியே தனியாகப் பார்க்க வேண்டும். ‘எல்லா வயதினருக்கும்’ என்ற இரண்டு சொற்கள் இவர்கள் அனைவரையும் உள்ளே இழுத்துவிடுகின்றன. சொல்லில் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. கர்ப்பிணி ஒருவர் கஃபைக் கட்டியிருக்கும் படம் போட்டால் அதுவும் ஒரு கூற்றுதான். தேடலில் அகப்பட வேண்டும் என்று பின்னால் மறைத்துச் சேர்க்கும் குறிச்சொற்களும் அப்படியே.

முத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக: ஐரோப்பியச் சந்தைக்கான சி.இ. குறி இருப்பதாலேயே கருவி இந்த 85 பேர் சோதனையில் தேறியது என்று ஆகாது. அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. விஷயத்தில் பதிவு, அனுமதி, ஒப்புதல் மூன்றும் வெவ்வேறு. தொழிற்சாலை தன் பெயரைப் பதிவுசெய்வது கருவிக்குக் கிடைத்த ஒப்புதல் ஆகாது. வீட்டுப் பி.பி. கருவிகள் வழக்கமாகப் பெறுவது, சந்தையில் ஏற்கெனவே உள்ள ஒரு கருவியோடு ஒப்பிட்டுத் தரப்படும் அனுமதி. காகிதத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அந்தச் சொல்லையே பக்கத்திலும் எழுதுங்கள். எஃப்.டி.ஏ.யின் இலச்சினையைப் படத்தில் ஒட்ட வேண்டாம்.

நான்காம் படி: உடல்நலக் கூற்றுகள்

இங்கே வினைச்சொல்லைப் பார்த்தால் போதும், பாதித் தவறு தெரிந்துவிடும். பி.பி. கருவி அளக்கும், காட்டும், சேமிக்கும். கட்டுப்படுத்தாது, குறைக்காது, தடுக்காது, கண்டறியாது. ‘இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க உதவும்’ என்பது சாதுவாகத் தெரிந்தாலும் அளவியிலிருந்து மருந்துக்குத் தாவிவிடுகிறது. ‘அளவுகளைச் சேமித்து, மருத்துவரிடம் காட்ட வசதியாக வைத்திருக்கும்’ என்று எழுதலாம்.

ஒழுங்கற்ற துடிப்புக் குறியீட்டில்தான் ஆசை மிகும். ‘மாரடைப்பை முன்கூட்டியே எச்சரிக்கும்’ என்று எழுதிய பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குறியீடு சொல்வது ஒன்றுதான்: அளக்கும்போது துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி சீராக இல்லை. கை ஆடினாலும், பேசிக்கொண்டே அளந்தாலும்கூட அது வரலாம். ‘அளவீட்டின்போது துடிப்பு சீராக இல்லாவிட்டால் குறியீடு தோன்றும். அடிக்கடித் தோன்றினால் மருத்துவரைப் பாருங்கள். இது நோயைக் கண்டறியும் வசதி அல்ல’ என்பது போதுமானது.

எல்லை எங்கே என்று ஐயம் வந்தால் பயனர் கையேட்டின் முதல் பக்கங்களில் ‘பயன்பாட்டு நோக்கம்’ என்ற பத்தியைத் தேடுங்கள். யாருக்கு, எதற்கு, எங்கே என்று தயாரிப்பாளர் அதில் எழுதியிருப்பார். விற்பனைப் பக்கம் அதைத் தாண்டக் கூடாது. ‘இதை வாங்கிய பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று ஒரு வாடிக்கையாளர் கருத்து எழுதினால் அது அவருடைய பேச்சு. அதை எடுத்து நீங்கள் பேனர் செய்தால் அது உங்கள் கூற்று.

தெர்மாமீட்டருக்கு மாறும்போது

பாடம் அதேதான், எண்கள்தாம் வேறு. ‘±0.1’ என்று தாளில் இருந்தால் அதை ஒட்டி ஒரு வரம்பும் இருக்கும்: 35.5 முதல் 42.0 டிகிரி செல்சியஸ் வரை ±0.1, அதற்கு வெளியே ±0.2 என்பது போல. திரை 32.0 முதல் 42.9 வரை காட்டலாம், ±0.1 அந்த முழு நீளத்துக்கும் பொருந்தாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிரித்துப் போட்டால் படிப்பவர் தவறாகச் சேர்த்துக்கொள்வார்.

அடுத்து, எந்த இடத்தில் அளப்பது என்பது. வாய், அக்குள், ஆசனவாய், காது, நெற்றி எல்லாம் ஒரே எண்ணைத் தருவதில்லை. நெற்றிக்கு நேரே பிடிக்கும் அகச்சிவப்புக் கருவிகள் பல தோலின் வெப்பத்தை அளந்து, அதை வாய் வெப்பத்துக்குச் சமமான எண்ணாக மாற்றிக் காட்டுகின்றன. கையேடு அப்படிச் சொன்னால் பக்கத்திலும் சொல்லுங்கள். எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும், நெற்றி வியர்வையின்றி இருக்க வேண்டும், அறையின் வெப்பநிலை எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் ஆகியவையும் விவரப் பட்டியலில் வர வேண்டும். ‘10 வினாடியில் முடிவு’ என்ற வரியையும் இடத்தோடு சேர்த்தே எழுதுங்கள். வாய்க்குச் சொன்ன நேரம் அக்குளுக்கு வராது. அக்குளில் வைத்தவர் பீப் ஒலி கேட்டதும் எடுத்துவிட்டு, குறைவாகக் காட்டுகிறது என்று புகார் எழுதுவார்.

வெப்பத் துப்பாக்கி வடிவில் வரும் தொழிற்சாலைக் கருவியை மருத்துவப் பிரிவில் போடவே கூடாது. தாளைப் பார்த்தாலே அடையாளம் தெரியும்: வரம்பு −50-இல் தொடங்கிச் சில நூறு டிகிரி வரை ஓடும், துல்லியம் ±1.5 அல்லது ±2 டிகிரி என்று இருக்கும். இயல்பான உடல் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் உள்ள இடைவெளியே ஏறத்தாழ ஒரு டிகிரிதான்.

திரை பச்சையானால் ‘காய்ச்சல் இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘37.5 டிகிரிக்குக் கீழே பச்சை, 38.0-க்கு மேல் சிவப்பு’ என்று அந்தக் கருவியின் எல்லைகளை எழுதுங்கள். ‘தொற்றைக் கண்டுபிடிக்கும்’ என்பதும் ஆகாது. எந்தத் தெர்மாமீட்டரும் வெப்பத்தைத் தவிர வேறெதையும் அறியாது. பச்சிளம் குழந்தைக்கு உகந்தது என்று எழுதுவதற்கு முன் கையேட்டில் வயது வரம்பைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த முடிவை எடுக்கும் பெற்றோர் நீங்கள் எழுதிய வரியை நம்பித்தான் கருவியை வாங்கியிருப்பார்கள்.

எழுதி முடித்த பக்கம்

நம் கற்பனைக் கருவியின் பக்கம் இப்போது இப்படி ஆகிறது.

தலைப்பு: ‘மேல்கை தானியங்கி பி.பி. கருவி, 22–32 செ.மீ. கஃபுடன், பெரியவர்களுக்கு.’

முதல் பத்தி: ‘வீட்டில் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அளந்து சேமிக்க. மேல்கையின் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரை உள்ளவர்களுக்குப் பெட்டியில் உள்ள கஃப் பொருந்தும். வாங்குவதற்கு முன் கையை அளந்து பாருங்கள். இந்தக் கஃபுடன் ISO 81060-2:2018 முறைப்படி பெரியவர்களிடம் சரிபார்க்கப்பட்டது. கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் சரிபார்க்கப்படவில்லை. மருந்தைத் தொடங்கவோ மாற்றவோ நிறுத்தவோ மருத்துவரைக் கேளுங்கள்.’

அளவீட்டு வரம்பு, உணரியின் துல்லியம், குறியீட்டின் விளக்கம், பெரிய கஃப் தனி என்ற குறிப்பு எல்லாம் அதற்குக் கீழே. ‘டாக்டர்கள் பரிந்துரைக்கும்’ போய்விட்டது. எந்த டாக்டர் என்று கேட்டால் காட்ட ஒரு தாளும் இல்லை.

பக்கம் வெளியான பிறகு வரும் புகார்களைப் படியுங்கள். எந்த வரி சரியில்லை என்று அவையே காட்டும். ‘மருத்துவமனையில் காட்டியதைவிட எப்போதும் 15 கூடுதலாக வருகிறது’ என்று ஒருவர் எழுதினால் கருவி பழுது என்று முடிவு கட்டாமல் கைச் சுற்றளவை முதலில் கேளுங்கள். 35 செ.மீ. என்று பதில் வந்தால், அவர் கண்ணில் கஃப் அளவு படவில்லை. அதைப் படத்திலும் போட வேண்டும். தயாரிப்பாளர் புதிய சரக்கை அனுப்பும்போது பெட்டியில் உள்ள மாதிரி எண்ணையும் கஃபில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டரையும் பழையதோடு ஒப்பிடுங்கள். 22–32 இருந்த இடத்தில் 22–42 கஃப் வந்திருந்தால் அது வாங்குபவருக்கு வசதியாகத் தெரியலாம். ஆனால் உங்கள் கையில் உள்ள அறிக்கை பழைய கஃபைப் பற்றியது. புதிய அறிக்கை வரும்வரை சரிபார்ப்பு வரியைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.